மெமோவுக்குப் பயந்தவரும் திட்டுக்குக் கலங்கியவரும்

அரசுடைமை வங்கிக் கிளை எதற்காவது பணம் கட்டப் போனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் சற்று உற்றுப் பாருங்கள். ஓய்வு பெற இரண்டு மூன்று ஆண்டுகளே மிச்சமிருக்கும் ஒருவர் பணக்கட்டுகளை ரப்பர் பேண்டு மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் படிப்பை முடித்துப் போட்டித் தேர்வு எழுதி வந்த இருபத்தைந்து வயதுப் பெண். கண்ணாடி அறைக்குள் முப்பத்தைந்தைத் தாண்டிய மேலாளர். ஐம்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் இருக்கவேண்டியவர்கள்தான் கண்ணில் அதிகம் படமாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1990களில் வங்கிகள் ஆள் எடுப்பதைப் பெருமளவு குறைத்தன. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். பிறகு 2010ஐ ஒட்டித்தான் மறுபடியும் பெரிய அளவில் ஆட்களை எடுக்கத் தொடங்கினார்கள். மூத்தவர் பேச்சை இளையவருக்கும் இளையவர் கோபத்தை மூத்தவருக்கும் எடுத்துச் சொல்ல நடுவில் ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டன பல கிளைகள்.

அந்த நடு ஆளின் வேலையும் சேர்த்து மேலாளர் தலையில் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு கிளையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆள்கள்தான் கற்பனை; நடப்பவை எந்த வங்கிக்காரருக்கும் பழக்கமானவை.

தென்மாவட்டத்துச் சிறுநகரம், ஒன்பது பேர் உள்ள கிளை. தலைமைக் காசாளருக்கு 57 வயது. 1989இல் எழுத்தராகச் சேர்ந்தவர். லெட்ஜரில் கையால் எழுதி, கணினி வந்தபோது அதைக் கற்று, கோர் பேங்கிங் வந்தபோது அதையும் கற்றவர். கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்கு 25. மேலாளருக்கு 36, 2012இல் அதிகாரியாக நேரடியாகச் சேர்ந்தவர். துணை மேலாளருக்கு 27.

ஒருநாள் மாலை நாலரைக்கு அந்தப் பெண் தன் கவுன்டர் பணத்தை ஒப்படைக்கிறாள். கணக்கைவிட 40,500 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. குறைந்தால் காசாளர் கைக்காசைப் போட வேண்டும். கூடினாலும் நிம்மதி கிடையாது, அது யாரோ ஒரு வாடிக்கையாளர் பணம். செலுத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ஆறு மணிக்குக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவர் கட்டிய 45,000 ரூபாய் 4,500 என்று பதிவாகியிருக்கிறது. வாடிக்கையாளரும் தனக்கு வந்த குறுஞ்செய்தியைப் பார்க்கவில்லை. பதிவைத் திருத்தி, அவருக்குப் போன் செய்து, கேஷ் டேலியாகிறது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் சீட்டுக் கிடைத்த நிமிடத்தில் தலைமைக் காசாளர், இன்னும் நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, சத்தமாகச் சொன்னார்: “ஏம்மா, ஒரு பூஜ்யத்தை எண்ணத் தெரியாதா? எந்தக் காலேஜ்ல படிச்ச நீ?” சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் அவளுக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். அவரைப் பொறுத்தவரை கணக்குத் தீர்ந்தது. இரவு எட்டு மணிக்கு மேலாளர் கிளையின் வாட்ஸாப் குழுவில் எழுதினார்: ‘இன்று கேஷில் நடந்த பிழைக்குச் சம்பந்தப்பட்ட இருவரும் நாளைக் காலை விளக்கம் தரவும்.’ எழுதிவிட்டு அவரும் அதை மறந்துவிட்டார்.

மறுநாள் தலைமைக் காசாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரவே சங்கச் செயலாளருக்குப் போன் போயிருந்தது. அந்தப் பெண்ணோ வாட்ஸாப் செய்தியைப் பற்றிக் கவலையே படவில்லை. பத்து வரியில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கூடவே இன்னொரு தாளும் கொடுத்தாள், வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு.

மேலாளருக்கு இரண்டுமே புரியவில்லை. கிழவருக்கு ஈகோ, பெண்ணுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று முடிவுகட்டியிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்றுதான். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’, ‘அந்தக் காலத்து ஆள்கள்’ என்று பேசுவது சுலபம். பூமர், மில்லெனியல், ஜென் இசட் என்ற அமெரிக்கப் பெயர்களை ஒட்டிப் பயிற்சி வகுப்பு நடத்துவதும் சுலபம். ஆனால் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களே 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, ஊழியர்களை நிர்வகிக்க இந்தத் தலைமுறை முத்திரைகளை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டன. வேலை மீதான மனப்பான்மையில் தலைமுறைக்குத் தலைமுறை தெரிவதாகச் சொல்லப்பட்ட வித்தியாசங்களை ஆராய்ச்சி சரியாக உறுதிசெய்யவில்லை. வயது, குடும்பச் சூழல், வேலையின் தன்மை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன என்பது அதன் சாரம்.

அப்படியானால் இந்தக் கிளையில் கண்ட வித்தியாசம் எங்கிருந்து வந்தது? என் கணிப்பு இது: பிறந்த ஆண்டிலிருந்து அல்ல, வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து. எந்த விதிகளின் கீழ் ஒருவர் உள்ளே வந்தாரோ அந்த விதிகள் அவருக்கு எதைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

எழுத்தராகச் சேர்ந்தவருக்கு 35 ஆண்டுகளாகக் காகிதம் என்றால் ஒரே அர்த்தம்தான். வாயால் சொல்வது காற்றோடு போகும். மேலாளர் கத்துவார், மறுநாள் சேர்ந்து சாப்பிடுவார். ஆனால் ‘விளக்கம் தரவும்’ என்று எழுத்தில் வந்தால் அது மெமோ. மெமோவுக்குப் பின்னால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், அதற்குப் பின்னால் விசாரணை, ஊதிய உயர்வு நிறுத்தம். ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருக்கும்போது விசாரணை என்றால் ஓய்வுப் பலன்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? அவர் சங்கத்துக்குப் போன் செய்தது ஈகோவால் அல்ல. அந்த எழுத்தின் அடுத்த படி என்ன என்பது அவருக்குத் தெரியும், மேலாளருக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நேர் எதிர். பள்ளியிலிருந்து அவளுடைய தவறுகளெல்லாம் எழுத்தில்தான் வந்திருக்கின்றன, மதிப்பெண்ணாக, மாதிரித் தேர்வின் தரவரிசையாக, மின்னஞ்சலாக. எழுத்து அவளுக்கு வெறும் தகவல். அதைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம், பிறகு சான்றாகவும் காட்டலாம். நாலு பேர் எதிரில் படிப்பை இழுத்துப் பேசியது அப்படியல்ல. தினமும் அதே கவுன்டருக்கு வரும் அந்த நாலு பேர் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

ஆக, ஒருவர் அன்பு என்று நினைத்துச் செய்தது மற்றவருக்கு அவமானம். ஒருவர் சாதாரணக் குறிப்பு என்று நினைத்து எழுதியது மற்றவருக்குக் குற்றப்பத்திரிகை. மேலாளர் செய்யவேண்டியது சமாதானப் பேச்சு அல்ல. தவறு நடந்தால் அது எந்த வழியாக, எந்த வரிசையில் சொல்லப்படும் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துவதுதான்.

வரிசையை இப்படி வைக்கலாம். தவறு தெரிந்தால் அன்றே, கதவைச் சாத்திக்கொண்டு, இருவர் மட்டும் இருந்து வாயால் பேசுவது. அதன் பிறகு கிளையில் ஒரு பிழைக் குறிப்பேட்டில் என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று மட்டும் எழுதுவது. அதில் பெயரும் வேண்டாம், ‘விளக்கம்’ என்ற சொல்லும் வேண்டாம். அதே தவறு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும், ‘இனி எழுத்தில் கேட்பேன்’ என்று முன்னால் சொல்லிவிட்டு எழுத்தில் கேட்பது. வாட்ஸாப் குழுவில் யாருடைய தவறும் வரக்கூடாது, மேலாளருடையது உட்பட. தலைமைக் காசாளரிடம் தனியாக, “அண்ணே, நீங்க சொன்னதுல தப்பில்ல, ஜனங்க முன்னாடி சொன்னதுதான் தப்பு. அடுத்த தடவை என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க” என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். மேலாளர் தன் வாட்ஸாப் செய்தியைப் பற்றி முதலில் பேசினால் இன்னும் எளிதாகக் கேட்டுக்கொள்வார். அந்தப் பெண்ணின் மாற்றல் மனுவை உடனே மேலே அனுப்பவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். ஒரு மாதம் பார்க்கலாமா என்று கேட்டு, அவள் சம்மதித்தால் அவளிடமே திருப்பிக் கொடுக்கலாம்.

இதில் ஆண்டு மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூத்தவர்கள் வளர்ந்த அரசுத்துறைப் பழக்கத்தில் மதிப்பீடு என்பது ‘ரகசிய அறிக்கை’. பாதகமாக எழுதினால் மட்டும் சொல்வார்கள்; இல்லாவிட்டால் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. இதை மாற்றியது தேவ் தத் என்ற பொறியாளர் தொடுத்த வழக்கு. எல்லைச் சாலைப் பணியில் இருந்த அவருக்கு 1993-94க்கு ‘நன்று’ என்று போட்டிருந்தார்கள். பாதகமான குறிப்பு இல்லையே என்று அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டியிருந்தது. பாராட்டுப் போலத் தெரிந்த சொல்லே அவருக்குத் தடையானது. 2008இல் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் அதை ஊழியருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மத்திய அரசு, அறிக்கையை முழுதாகக் காட்டி, ஆட்சேபிக்க 15 நாள் அவகாசம் தர உத்தரவிட்டது.

அதற்குப் பின் சேர்ந்த துணை மேலாளர் தன் மதிப்பெண்ணைப் பார்த்து ‘ஏன் நாலு குறைந்தது?’ என்று கேட்டால் அது துடுக்குத்தனம் இல்லை, அவர் நுழைந்த வாசலில் இருந்த விதி. ஆனால் சட்டம் ஆண்டுக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்கிறது. இளையவர்களுக்கு அது போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, இலக்கில் எங்கே நிற்கிறீர்கள், நான் என்ன எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் மார்ச் மாதச் சண்டை பாதி குறையும். மூத்தவரிடம் இதே பத்து நிமிடத்தை உட்கார்ந்து நடத்தினால் ‘என்ன சார், எம்மேல ஏதும் கம்ப்ளெயின்டா?’ என்றுதான் தொடங்குவார். அவரோடு லாக்கர் அறைக்கு நடந்து போகும்போது பேசுவது மேல்.

இனி நேரம். வங்கியில் எழுத்தர்களுக்கு வேலை நேரம் ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. கூடுதலாக இருந்தால் மிகைநேரப் படி உண்டு. அதிகாரிகளுக்கு அது இல்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்பதே அதிகாரியின் விசுவாசத்துக்கு அளவு என்று ஒரு தலைமுறை மேலாளர்கள் நம்பி வளர்ந்தார்கள். நம் 36 வயதுக்காரரும் அவர்களிடம்தான் வேலை கற்றார். ஐந்தரைக்குப் பையை மாட்டும் துணை மேலாளரைப் பார்த்தால் அவருக்கு உள்ளூர எரிகிறது. துணை மேலாளருக்கோ வேலை முடிந்த பின் உட்கார்ந்திருப்பது நாடகம். விசுவாசத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: 2010 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சந்தையோடு ஏறி இறங்கும் புதிய திட்டம்தான். நம் மேலாளரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். ஆயுள் முழுக்கக் காப்பாற்றுவேன் என்று நிறுவனம் சொன்ன தலைமுறையும், அப்படிச் சொல்லாத தலைமுறையும் மாலை ஏழு மணியை ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த வாக்குவாதத்தை வாதத்தால் தீர்க்க முடியாது. ஒரு எளிய கணக்கால் பாதி தீர்க்கலாம். இரண்டு வாரத்துக்குத் தினமும் இரண்டு நேரங்களைக் குறித்துவையுங்கள்: பெட்டக அறை பூட்டிய நேரம், கடைசி ஆள் கிளம்பிய நேரம். பணத்தை எண்ணி முடித்து, தலைமைக் காசாளர் ஒரு சாவியும் அதிகாரி ஒரு சாவியுமாகப் பெட்டகத்தைப் பூட்டும்வரை அவர்கள் இருந்தே தீர வேண்டும். அது தவிர்க்க முடியாத வேலை. அன்றைய பதிவுகளைச் சரிபார்த்து நாளை முடிப்பதும் அப்படியே. நம் கிளையில் பெட்டகம் சராசரியாக ஐந்து இருபதுக்குப் பூட்டப்படுகிறது, கடைசி ஆள் ஏழு நாற்பதுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி இருபது நிமிடத்தில் என்ன நடந்தது என்று தேடினால், பெரும்பாலும் மேலாளர் மேசையில் போய் நிற்கும். பகல் முழுக்க வாடிக்கையாளரோடு பேசிவிட்டு, கடன் கோப்புகளில் ஐந்தரைக்குப் பிறகுதான் அவர் கையெழுத்துப் போடத் தொடங்குகிறார். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று துணை மேலாளரும் வெளியே காத்திருக்கிறார். கையெழுத்தைப் பதினொன்றரைக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை என்று பகலுக்கு மாற்றி, அந்த அரைமணி நேரம் கண்ணாடிக் கதவைச் சாத்தினால் மாலையில் ஒரு மணி நேரமாவது திரும்பக் கிடைக்கும். ‘இளைஞர்களுக்கு அர்ப்பணிப்பு இல்லை’ என்று தொடங்கிய தகராறு ‘சார் எப்போ கையெழுத்துப் போடுவார்’ என்பதில் முடிவது நான் மிகவும் ரசிக்கும் விஷயம்.

இரவுச் செய்திகளுக்கும் இப்படி ஒரு கோடு போடலாம். ஏழு மணிக்கு மேல் ஏடிஎம், அலாரம், பணம் மூன்றைப் பற்றி மட்டும் போன். மற்றதை மேலாளர் இரவில் எழுதி வைத்தாலும் காலை ஒன்பதரைக்கு அனுப்பட்டும்.

விடுப்பில் கதை தலைகீழ். இளையவர்கள் திருமணத்துக்கு, மலையேற்றத்துக்கு என்று விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். பல ஆண்டாக விடுப்பே எடுக்காத தலைமைக் காசாளரைப் பாராட்டுகிறோம். வங்கித் தொழிலில் இது ஆபத்தான பாராட்டு. பொறுப்பான இடங்களில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள், முன்னறிவிப்பு இல்லாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒருவர் இல்லாதபோதுதான் அவர் இடத்தின் குறைகள் வெளியே வரும். ஆனால் 35 ஆண்டு உழைத்தவரைத் திடீரென்று ‘நாளை முதல் வராதீர்கள்’ என்றால் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நாளைச் சொல்லக்கூடாது, விதியைச் சொல்லலாமே. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோரையும் வைத்து, இன்னின்ன இடத்துக்கு இது உண்டு என்று சொல்லிவிட்டால் போதும். அவர் போகும் பத்து நாளில் கேஷைப் பார்க்கப்போவது அந்தப் பெண்ணாக இருந்தால், அதற்கு முன்பே அவரிடம் கற்றுக்கொள்ள அவளுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

கடைசியாக, யார் பெரியவர் என்ற கேள்வி. கிளையில் இரண்டு வரிசைகள் ஓடுகின்றன. பதவி வரிசையில் துணை மேலாளர் மேலே, வயது வரிசையில் தலைமைக் காசாளர் மேலே. டீ குடிக்கும்போது இதனால் ஒன்றும் கெடுவதில்லை. “தம்பி” என்று அவர் கூப்பிடட்டும், “அண்ணே” என்று இவர் கூப்பிடட்டும். ‘என்னை சார் என்று கூப்பிடுங்கள்’ என்று 27 வயதில் சுற்றறிக்கை விடுபவர் அந்த ஊரில் மூன்று ஆண்டு தள்ளுவது கஷ்டம். ஆனால் கணினித் திரையில் இந்த இரண்டு வரிசையும் மோதும் ஓர் இடம் உண்டு. ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். “பாஸ் பண்ணு தம்பி, பார்ட்டி நமக்குத் தெரிஞ்சவர்தான், கையெழுத்தை நாளைக்கு வாங்கிக்கலாம்” என்று மூத்தவர் சொல்லும்போது, மரியாதைக்காக விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிடும். பின்னால் ஏதாவது வந்தால் மாட்டுவது யாருடைய அடையாள எண் பதிவாகியிருக்கிறதோ அவர்தான்.

2018இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை விவகாரம் நினைவிருக்கும். வங்கியின் புகார்ப்படி, அது வெளியே வந்ததே ஒரு கேள்வியால்தான். பல ஆண்டாக அந்த இருக்கையில் இருந்த அதிகாரி ஓய்வு பெற்றுப்போன பிறகு, கடன் உறுதிக் கடிதம் கேட்டு வந்த நிறுவனங்களிடம் கிளையில் முழுத் தொகையையும் ஈடாகக் கட்டச் சொன்னார்கள். இதற்கு முன் ஈடு இல்லாமல்தானே வாங்கினோம் என்று நிறுவனத் தரப்பு சொல்ல, பழைய பதிவுகளைத் தேடினால் அப்படி ஒன்றுமே இல்லை. வழக்கமாக நடப்பதுதானே என்று விட்டிருந்தால் இன்னும் கொஞ்சகாலம் ஓடியிருக்கும்.

அதனால் ‘பெரியவரை மதி, ஆனால் கேள்வி கேள்’ என்று இளையவருக்கு உபதேசித்தால் போதுமா? உபதேசம் வேலை செய்யாது. பெரியவரை மறுத்தால் என்ன ஆகும் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மேலாளர்தான் முதல் பலி. கையெழுத்து விடுபட்ட சீட்டு ஒன்று மேலாளரிடமிருந்தே போய், துணை மேலாளர் அதைத் திருப்பி அனுப்பினால், எல்லோரும் கேட்க “சரிதான், கொடுங்க” என்று வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளருக்கே அதுதான் கதி என்று தெரிந்தால் தலைமைக் காசாளருக்கும் மானக்கேடு இல்லை. அவருடைய பெரிய அறிவு வேறு இடத்தில் இருக்கிறது. நோட்டைத் தொட்டே கள்ளநோட்டைச் சொல்வது, திருவிழா வாரத்தில் சில்லறை எவ்வளவு கேட்டு வாங்கி வைக்க வேண்டும் என்பது, எந்த வாடிக்கையாளர் சீட்டை எப்போதும் தப்பாக நிரப்புவார் என்பது. கவுன்டரில் பணம் வாங்குவதற்கான சரிபார்ப்பு வரிசையை எழுதித் தரச் சொன்னால், சீட்டில் எழுத்தால் எழுதிய தொகையைப் படித்துவிட்டுப் பதிவு செய்வதைத்தான் அவர் முதலில் போடுவார். 45,000 ரூபாய்க் குழப்பத்தைத் தடுக்க அந்த ஒரு வரியே போதும்.

எல்லாவற்றையும் தலைமுறைக் கணக்கில் போட்டுவிடவும் கூடாது. தினமும் பத்தே முக்காலுக்கு வருவது தலைமுறைப் பண்பு இல்லை, தாமதம். பெண் ஊழியரைத் தனியே சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப எல்லோர் முன்னும் இழிவாகப் பேசுவது பழைய பாணி இல்லை, ஒழுங்கீனம். அங்கே எழுத்து வந்தே தீர வேண்டும், சங்கம் வந்தாலும் சரி. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி, சொன்ன பிறகு மாறுகிறதா என்று பார்ப்பது. பழக்கம் என்றால் தடுமாறியாவது மாறும்.

கிளையின் நிலை கெடுகிறதா என்பதை மேலாளர் சத்தத்தை வைத்து அளக்கக் கூடாது. சண்டை போடும் கிளை பெரும்பாலும் பிழைத்துவிடும். தவறு நடந்ததை மேலாளருக்கு முன்னால் தணிக்கையாளர் கண்டுபிடித்தால், ஒரு புகார் அவர் அறைக்கு வராமல் நேரே வட்டார அலுவலகம் போனால், கூட்டத்தில் ‘ஏதாவது சந்தேகம்?’ என்று கேட்டதும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

அவர் கைக்கு எட்டாதவையும் உண்டு. ஆள் பற்றாக்குறையை அவரால் நிரப்ப முடியாது. புதிய ஓய்வூதியத்தைப் பழையதாக்க முடியாது. மாலை ஆறரைக்கு வட்டார அலுவலகம் காணொலிக் கூட்டம் வைத்தால் கிளையில் போட்ட ஐந்தரைக் கோடு அன்றைக்கு அழிந்துவிடும். அந்தக் கூட்டத்தைக் காலைக்கு மாற்றச் சொல்லி அவர் மேலே கேட்கலாம். கேட்பதை, மேலே இருப்பவர் எந்த ஆண்டில் சேர்ந்தவர் என்று பார்த்து, வாயாலா எழுத்தாலா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.